யார் யாருக்குக் கீழே: பணி விவரத் தாள்களிலிருந்து காலியிடங்களோடு ஓர் அட்டவணை தயாரிப்பது

டர்பனில் முதியோர் இல்லம், கோயில், பாலர் பள்ளி என ஏதாவது ஒன்றின் நிர்வாகக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் முதலில் வந்து சேரும் வேலைகளில் ஒன்று, "நம்ம ஆர்கனோகிராமைக் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்கள், எந்தெந்த இடம் காலி என்றும் காட்டுங்கள்" என்பது. ஆர்கனோகிராம் என்றால் யார் யாருக்குக் கீழே என்று காட்டும் அமைப்புப் படம். கையில் கிடைப்பது பழைய பணி விவரத் தாள்கள் சில, ஆண்டறிக்கையில் அமைப்பை விவரிக்கும் ஒரு பத்தி, அவ்வளவுதான். இவற்றை வைத்து நம்பத்தகுந்த ஓர் அட்டவணை போடுவது எப்படி என்று முதல்முறை செய்பவருக்காக எழுதுகிறேன். அரசுத் துறை, பள்ளி, தனியார் அலுவலகம் எதற்கும் இதே முறை பொருந்தும்.

படம் வரைய அவசரப்படாதீர்கள். முதலில் அட்டவணை, படம் அதிலிருந்து வரட்டும். படத்தில் ஒரு கட்டத்தை நகர்த்தினால் பிழை மறைந்துவிடும். அட்டவணையில் அப்படி மறைக்க இடம் இல்லை.

ஒரு வரிசை என்பது ஓர் ஆள் அல்ல, ஒரு பணியிடம்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். ஆளை வைத்து அட்டவணை போட்டால், ஆள் போனதும் வரிசையும் போய்விடும். காலியிடத்தைக் காட்ட வேண்டிய அட்டவணையிலேயே காலியிடம் இருக்காது. எனவே ஒவ்வொரு பணியிடத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். எட்டுப் பராமரிப்பாளர் இடம் என்றால் எட்டு வரிசை, எட்டு எண். "பராமரிப்பாளர் (8)" என்று ஒரே வரிசையில் அடைத்தால், அதில் எது காலி என்று பிறகு காட்ட வழியில்லை.

எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கட்டும்: ப01, ப02 என்று. வெறும் 01 என்று அடித்தால் விரிதாள் முன்னாலுள்ள சுழியத்தை விழுங்கிவிடும். ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றாதீர்கள். ப07இல் இருந்தவர் விலகினால் ப07தான் காலி. கீழே உள்ளவர்களை மேலே தள்ளி வரிசையைச் சீராக்கினால், அடுத்த ஆண்டு இரண்டு அட்டவணைகளையும் ஒப்பிட முடியாது.

அடுத்தது மேலிட உறவு, அதாவது எந்த இடம் எந்த இடத்துக்குக் கீழே வருகிறது என்பது. அதையும் பணியிடத்திலிருந்து பணியிடத்துக்கே போடுங்கள். மேட்ரன் இடம் காலியாக இருந்தாலும், அவருக்குக் கீழே உள்ள செவிலியரின் 'மேல் பணியிடம்' கட்டத்தில் மேட்ரனின் எண்தான் வர வேண்டும். "இப்போது மேட்ரன் இல்லையே, நேரே மேலாளருக்குப் போட்டுவிடலாம்" என்று கோட்டை இழுப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்வது. அப்படிச் செய்தால் மேட்ரன் இடத்துக்குக் கீழே யாருமே இல்லாமல் போவார்கள். அதைப் பார்க்கும் குழு, "யாரும் இல்லாத இடத்துக்கு ஏன் சம்பளம்?" என்று கேட்டு அந்த இடத்தையே எடுத்துவிடவும் கூடும்.

நெடுவரிசைகள்

ஏழு போதும். A பணியிட எண், B பணியிடப் பெயர், C மேல் பணியிட எண், D நிலை, E கூடுதல் பொறுப்பில் இருப்பவரின் பணியிட எண், F ஆதாரம், G குறிப்பு.

நிலைக்கு நான்கே சொற்கள்: நிரம்பியது, காலி, காலி-முடக்கம், தெரியவில்லை. இவற்றை ஒவ்வொரு முறையும் கையால் அடிக்காமல், கீழிறங்கு பட்டியலாக வைத்துத் தேர்ந்தெடுங்கள். சொல்லின் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டாலே எண்ணிக்கை தவறும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'பொ' போன்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரு விசைப்பலகை ஒரே குறியாகவும் இன்னொன்று இரண்டு துண்டாகவும் அனுப்பலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது விரிதாளுக்கு வேறாகப் படலாம்.

'காலி-முடக்கம்' ஏன் தனியாக? தென்னாப்பிரிக்க அரசுத் துறைகளில் நிதி ஒதுக்கிய காலியிடம், நிதி ஒதுக்காத காலியிடம் என்று பிரித்துத்தான் பேசுவார்கள். இரண்டும் காலிதான், ஆனால் ஒன்றுக்கு நாளையே விளம்பரம் கொடுக்கலாம், மற்றதற்கு முடியாது. சிறிய அமைப்புகளிலும் இதே நிலைதான், அதைச் சொல்ல அவர்களிடம் தனிப் பெயர் இல்லை, அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சொன்னால் ஆள் எடுக்க வேண்டியவர் குழம்பிவிடுவார்.

கூடுதல் பொறுப்பை நிலைகளில் ஒன்றாக வைக்காமல் தனி நெடுவரிசையில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். பொறுப்பாக ஒருவர் பார்த்துக்கொண்டாலும் அந்த இடம் காலிதான். அது எப்படி எண்ணிக்கையைக் கெடுக்கிறது என்று கீழே பார்ப்போம்.

ஓர் இல்லம், ஒரு பத்தி, சில தாள்கள்

பயிற்சிக்காக நானே ஓர் எடுத்துக்காட்டு எழுதியிருக்கிறேன். சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு முதியோர் இல்லம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 2024 ஆண்டறிக்கையில் இப்படி ஒரு பத்தி:

"இல்லத்தை நிர்வாகக் குழு நடத்துகிறது. அன்றாட வேலைகளை மேலாளர் கவனிக்கிறார். மேட்ரன், நிதி அலுவலர், சமையலறை மேற்பார்வையாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் மேலாளரின் கீழ் வருகிறார்கள். சென்ற செப்டம்பரில் மேட்ரன் ஓய்வு பெற்றதிலிருந்து பகல் நேர மூத்த செவிலியர் அந்தப் பொறுப்பையும் பார்த்து வருகிறார். இரண்டு மூத்த செவிலியர்களின் கீழ் ஆறு பராமரிப்பாளர்கள் பணிபுரிகிறார்கள். சமூகப் பணியாளர் இடத்தை நிரப்ப முயற்சி நடக்கிறது. சமையலறையில் ஒரு சமையல்காரர் இருக்கிறார்."

பணி விவரத் தாள்களில் நமக்கு வேண்டியது நான்கு செய்திகள்: யாருக்குக் கீழே, யாரை மேற்பார்வையிடுகிறார், எத்தனை இடம், தாளின் தேதி. கடமைகள், தகுதிகள் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

மேலாளர் தாள் (2023) குழுத் தலைவருக்குக் கீழே என்கிறது. மேட்ரன், நிதி அலுவலர், சமையலறை மேற்பார்வையாளர், மராமத்துப் பணியாளர் ஆகிய நால்வரை மேற்பார்வையிடுவார். மேட்ரன் தாள் (2021) மேலாளருக்குக் கீழே. இரண்டு மூத்த செவிலியர், எட்டுப் பராமரிப்பாளர் அவர் பொறுப்பில். மூத்த செவிலியர் தாள் (2021) மேட்ரனுக்குக் கீழே, பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு இடம். பராமரிப்பாளர் தாள் (2022) எட்டு இடம் என்கிறது, "அந்த நேரத்தில் பணியிலிருக்கும் மூத்த செவிலியருக்குக் கீழே" என்கிறது. நிதி அலுவலர் தாள் (2023) மேலாளருக்குக் கீழே. சமையலறை மேற்பார்வையாளர் தாள் (2022) மேலாளருக்குக் கீழே, இரண்டு சமையல்காரர். சமையல்காரர் தாள் (2018) "வீட்டு மேற்பார்வையாளருக்குக் கீழே". ஓட்டுநர் தாள் (2017) "செயல்பாட்டு அலுவலருக்குக் கீழே". சமூகப் பணியாளருக்கும் மராமத்துப் பணியாளருக்கும் தாளே இல்லை.

தாள் இல்லாதவர்களுக்கு அவர்களின் நியமனக் கடிதத்தைக் கேளுங்கள். 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், 29ஆம் பிரிவின்படி, வேலையின் பெயரையோ சுருக்கமான விவரத்தையோ முதலாளி எழுத்தில் தர வேண்டும். ஆனால் யாருக்குக் கீழே என்பதை அது கேட்பதில்லை. அந்தக் கடிதம் பணியிடம் உண்டு என்பதற்குத்தான் ஆதாரம், மேலிட உறவுக்கு அல்ல.

முதல் சுற்று: எழுத்தில் இருப்பதை மட்டும்

முதலில் பணியிடங்களை எண்ணி இறக்குங்கள். குழுத் தலைவர் ப00. அவர் ஊழியர் அல்ல என்றாலும் உச்சியில் ஒரு வரிசை வேண்டும். நிலைக் கட்டத்தில் பட்டியலை எடுத்துவிட்டு ஒரு சிறு கோடு போட்டு விடுங்கள், ஊழியர் கணக்கில் சேராது. மேலாளர் ப01, மேட்ரன் ப02, மூத்த செவிலியர் பகல் ப03, இரவு ப04, பராமரிப்பாளர் ப05 முதல் ப12 வரை, நிதி அலுவலர் ப13, சமையலறை மேற்பார்வையாளர் ப14, சமையல்காரர் ப15, ப16, சமூகப் பணியாளர் ப17, மராமத்துப் பணியாளர் ப18, ஓட்டுநர் ப19. தலைவரோடு 20 வரிசை, ஊழியர் இடங்கள் 19.

இப்போது நிலை. இங்கேதான் பொறுமை தேவை. ஆண்டறிக்கைப் பத்தியில் "மேட்ரன், நிதி அலுவலர், சமையலறை மேற்பார்வையாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் மேலாளரின் கீழ் வருகிறார்கள்" என்று இருக்கிறது. படித்ததும் நால்வரும் வேலையில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அதே பத்தி, மேட்ரன் ஓய்வு பெற்றுவிட்டார், சமூகப் பணியாளர் இடம் நிரப்பப்படவில்லை என்று பின்னால் சொல்கிறது. ஆக அந்த வாக்கியம் அமைப்பைச் சொல்கிறதே தவிர, ஆள் இருப்பதைச் சொல்லவில்லை. அப்படியானால் நிதி அலுவலர் இருக்கிறார் என்பதற்கும் அது ஆதாரம் ஆகாது. 'தெரியவில்லை' என்றே போடுங்கள்.

இதன் மறுபக்கமும் அவ்வளவே முக்கியம். பத்தியில் மராமத்துப் பணியாளர், ஓட்டுநர் பற்றிப் பேச்சே இல்லை. பேச்சில்லை என்பதால் அவை காலி ஆகிவிடாது. 'காலி' என்று எழுத ஒரு நேரடிச் சான்று வேண்டும்: ஓய்வு பெற்றார், விலகினார், நிரப்ப முயற்சி நடக்கிறது, விளம்பரம் வந்திருக்கிறது என்பது போல. அல்லது இரண்டு எண்களின் வித்தியாசம் வேண்டும். பராமரிப்பாளர் தாளில் எட்டு இடம், அறிக்கையில் ஆறு பேர் "பணிபுரிகிறார்கள்". இரண்டும் தெளிவாக இருப்பதால் ப11, ப12 காலி என்று எழுதலாம். சமையல்காரர் கதை வேறு, அவர்கள் தாளில் எத்தனை இடம் என்று இல்லை. "ஒரு சமையல்காரர் இருக்கிறார்" என்பது, இருப்பதே ஓர் இடம்தான் என்றும் ஆகலாம், இரண்டில் ஒன்று காலி என்றும் ஆகலாம், இரண்டாவது இடத்தை எடுத்துவிட்டார்கள் என்றும் ஆகலாம். ப16க்குத் தெரியவில்லை.

அரசுத் துறை இடங்கள் என்றால் பொதுச் சேவைத் துறை வெளியிடும் காலியிடச் சுற்றறிக்கை நல்ல சான்று. அதில் தலைப்பின் அருகே `X2 POSTS` என்பது போல இருந்தால் ஒரே விளம்பரத்தில் இரண்டு இடங்கள் என்று பொருள். அதைக் கவனிக்காமல் ஒரு வரிசை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

நீண்ட விடுப்பு காலியிடம் அல்ல. மகப்பேறு விடுப்பு இந்த நாட்டுச் சட்டம் தரும் உரிமை, அதில் இருப்பவரின் இடம் நிரம்பியதுதான். விலகல் கடிதம் கொடுத்தவரின் இடமும் அவருடைய கடைசி வேலை நாள்வரை நிரம்பியதுதான்.

முரண்படும் இடங்கள்

சமையல்காரர் தாள் 'வீட்டு மேற்பார்வையாளர்' என்கிறது. அப்படி ஒரு பெயர் வேறு எங்கும் இல்லை. ஆனால் மேலிருந்து பார்த்தால், 2022 தாளில் சமையலறை மேற்பார்வையாளர் இரண்டு சமையல்காரர்களை மேற்பார்வையிடுகிறார். புதிய தாள் என்பதாலும், மேலேயிருந்து தெளிவாக உரிமை கொண்டாடுவதாலும் ப14 என்று போடலாம். பெயர் மாறியிருக்கலாம் என்று நினைத்துச் சத்தமில்லாமல் திருத்திவிடாதீர்கள். குறிப்பில் "2018 தாளில் வீட்டு மேற்பார்வையாளர் என்று உள்ளது" என்று எழுதி வையுங்கள்.

ஓட்டுநரின் 'செயல்பாட்டு அலுவலர்' அப்படியல்ல. எந்தத் தாளும் ஓட்டுநரைத் தன்னுடையவர் என்று சொல்லவில்லை. அதற்காகச் செயல்பாட்டு அலுவலருக்கு ஒரு வரிசை போட்டு, பக்கத்தில் 'காலி' என்று எழுதும் ஆசை வரும். போடாதீர்கள். அடுத்தவர் தாளில் மட்டும் பெயர் தென்படும் பதவி, எப்போதோ ஒருவர் மனதில் இருந்தது என்பதற்கு மேல் எதையும் நிரூபிப்பதில்லை. ஓட்டுநரின் மேல் பணியிடக் கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதுங்கள்.

பராமரிப்பாளர்கள்தான் உண்மையான சிக்கல். அவர்கள் தாளும் அறிக்கையும் மூத்த செவிலியர்களைக் காட்டுகின்றன, ஆனால் ஷிஃப்ட் மாறும்போது மேலாள் மாறுகிறார். மேட்ரன் தாளோ எட்டுப் பேரும் தன் பொறுப்பு என்கிறது. நான்கு பேரைப் பகலுக்கும் நான்கு பேரை இரவுக்கும் பிரித்துப் போட்டால் அட்டவணை அழகாக இருக்கும், ஆனால் அது உங்கள் கற்பனை. இதைத் தீர்க்க இரண்டு கேள்விகள் போதும்: லீவு ஃபார்மில் யார் கையெழுத்துப் போடுகிறார்? ஆண்டு மதிப்பீட்டை யார் எழுதுகிறார்? அவர்தான் மேல் பணியிடம். இன்று எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்பவர் வேலையைப் பங்கிடுபவர், அவ்வளவே. அவரைக் குறிப்பில் எழுதலாம். C நெடுவரிசையில் எப்போதும் ஒரே ஓர் எண்தான்.

கேட்க வேண்டியதைக் கேட்பது

இப்போது கேள்விகளை ஒரே தாளில் தொகுத்து மேலாளரிடம் உட்காருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை தொலைபேசியில் அழைத்தால் அவரும் சலித்துவிடுவார், பதில்களும் வெவ்வேறு தேதி நிலவரமாக இருக்கும். நம் இல்லத்தில் பதில்கள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம். நிதி அலுவலர், சமையலறை மேற்பார்வையாளர், மராமத்துப் பணியாளர், ஓட்டுநர், இரண்டு மூத்த செவிலியர்கள் எல்லாரும் வேலையில் இருக்கிறார்கள். செயல்பாட்டு அலுவலர் பதவியைக் கைவிட்டுவிட்டார்கள், ஓட்டுநரின் லீவுக்கு மேலாளரே கையெழுத்திடுகிறார். பராமரிப்பாளர்களின் லீவு மேட்ரனிடம் போகும், இப்போது பொறுப்பிலிருக்கும் பகல் செவிலியர் மேட்ரனுக்குப் பதிலாகக் கையெழுத்திடுகிறார். இரண்டாவது சமையல்காரர் இடம் உண்டு, ஆனால் பணமில்லை என்று குழு நிறுத்தி வைத்திருக்கிறது.

சமூகப் பணியாளர் இடத்தைப் பற்றி, "அந்த வேலையையும் நான்தான் பார்க்கிறேன்" என்று மேலாளர் சொல்லக்கூடும். அதை E நெடுவரிசையில் அப்படியே எழுதிவிடாதீர்கள். இந்த நாட்டில் சமூகப் பணியாளர், சமூக சேவைத் தொழில்களுக்கான மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு இல்லாதவர் சில காகித வேலைகளைச் செய்யலாம், பொறுப்பில் இருப்பதாக எழுத முடியாது. E காலியாகவே இருக்கட்டும்.

அட்டவணை இப்போது இப்படி இருக்கும். அச்சில் இடம் மிச்சப்படுத்த ஒரே மாதிரி வரிசைகளைச் சேர்த்து, F, G நெடுவரிசைகளை விட்டிருக்கிறேன், விரிதாளில் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும்.

| எண் | பணியிடம் | மேல் பணியிடம் | நிலை | பொறுப்பில் |
|---|---|---|---|---|
| ப00 | குழுத் தலைவர் | | — | |
| ப01 | மேலாளர் | ப00 | நிரம்பியது | |
| ப02 | மேட்ரன் | ப01 | காலி | ப03 |
| ப03, ப04 | மூத்த செவிலியர் | ப02 | நிரம்பியது | |
| ப05–ப10 | பராமரிப்பாளர் | ப02 | நிரம்பியது | |
| ப11, ப12 | பராமரிப்பாளர் | ப02 | காலி | |
| ப13 | நிதி அலுவலர் | ப01 | நிரம்பியது | |
| ப14 | சமையலறை மேற்பார்வையாளர் | ப01 | நிரம்பியது | |
| ப15 | சமையல்காரர் | ப14 | நிரம்பியது | |
| ப16 | சமையல்காரர் | ப14 | காலி-முடக்கம் | |
| ப17 | சமூகப் பணியாளர் | ப01 | காலி | |
| ப18 | மராமத்துப் பணியாளர் | ப01 | நிரம்பியது | |
| ப19 | ஓட்டுநர் | ப01 | நிரம்பியது | |

சரிபார்ப்பு

தலைப்பு முதல் வரிசையில் இருந்தால் தரவு 2 முதல் 21 வரை வரும். H நெடுவரிசையில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள். பட்டியலில் இல்லாத எண்ணைச் சுட்டும் வரிசை உடனே மாட்டிக்கொள்ளும், 'தெரியாது' என்று எழுதியதும் சேர்த்து.

```
=IF(C2="","",IF(COUNTIF($A$2:$A$21,C2)=0,"சரிபார்",""))
```

C வெற்றாக இருக்கும் வரிசை ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், உச்சியில் இருப்பது. இரண்டு இருந்தால் எதையோ விட்டுவிட்டீர்கள்.

I நெடுவரிசையில், ஒவ்வொருவருக்கும் நேரடியாகக் கீழே எத்தனை பணியிடம்:

```
=COUNTIF($C$2:$C$21,A2)
```

தலைவருக்கு 1, மேலாளருக்கு 6, மேட்ரனுக்கு 10, சமையலறை மேற்பார்வையாளருக்கு 2 என்று வரும். கூட்டினால் 19, அதாவது வரிசைகளில் ஒன்று குறைவு. இந்த எண்களைப் பணி விவரத் தாள்களோடு ஒப்பிடுங்கள். மேட்ரன் தாளும் இரண்டு கூட்டல் எட்டு என்று பத்தே சொல்கிறது, பொருந்துகிறது. மேலாளர் தாளில் நால்வர்தான். அதிகமான இருவர் சமூகப் பணியாளரும் ஓட்டுநரும். இது அட்டவணையின் பிழை அல்ல, 2023 தாளைப் புதுப்பிக்க வேண்டும் என்பதற்கான சான்று. குறிப்பில் எழுதிக் குழுவிடம் சொல்லுங்கள்.

காலியிடங்களின் எண்ணிக்கை, முடக்கியதும் சேர்த்து:

```
=COUNTIF($D$2:$D$21,"காலி*")
```

ஐந்து வரும். நான்கு காலி, ஒன்று முடக்கம். நிரம்பியவை 14. இந்த 14ஐச் சம்பளப் பட்டியலிலுள்ள தலை எண்ணிக்கையோடு பொருத்திப் பாருங்கள். பொறுப்பில் ஆள் இருக்கிறாரே என்று மேட்ரன் இடத்தை நிரம்பியதாகப் போட்டிருந்தால் அட்டவணையில் 15 வந்திருக்கும். சம்பளம் வாங்குவதோ 14 பேர், ஏனென்றால் பகல் செவிலியர் ஒருவரே இரண்டு இடத்தில் எண்ணப்பட்டிருப்பார். சம்பளப் பட்டியலில் ஒன்று குறைந்தால் முதலில் E நெடுவரிசையைப் பாருங்கள்.

வட்டமாகச் சுற்றும் உறவு இருக்கிறதா என்பதை இந்த அளவு அட்டவணையில் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கடைநிலை வரிசை ஒன்றிலிருந்து ஏறிக்கொண்டே போனால் மூன்று படிக்குள் ப00க்கு வந்துவிட வேண்டும்.

பெயர்களும் படமும்

ஆட்களின் பெயர் எங்கே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். யாருக்குக் கீழே எது, எது காலி என்று சொல்ல இந்த அட்டவணைக்குப் பெயர் தேவையில்லை. 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேல் தகவல் சேர்க்கக் கூடாது என்கிறது. பணியிட எண்ணும் பெயரும் மட்டும் உள்ள தனித் தாள் ஒன்றை மேலாளர் வைத்துக்கொள்ளட்டும். அட்டவணையை எல்லாக் குழு உறுப்பினருக்கும் தயங்காமல் அனுப்பலாம்.

மேலே, "31 மார்ச் 2024 நிலவரம்" என்பது போலத் தேதியைப் பெரிதாக எழுதுங்கள். தேதி இல்லாத காலியிடப் பட்டியலை ஆறு மாதம் கழித்தும் யாராவது உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் படம். C நெடுவரிசையைப் பார்த்து ப00இலிருந்து கீழ்நோக்கி வரையுங்கள். காலியிடத்துக்கும் கட்டம் உண்டு, ஓரம் மட்டும் புள்ளிக்கோடாக இருக்கட்டும். முடக்கிய இடத்தைச் சாம்பல் நிறத்தில் காட்டலாம். மேட்ரன் கட்டத்துக்குள் "பொறுப்பு: ப03" என்று சிறிதாக எழுதுங்கள். கீழேயுள்ள பத்துக் கோடுகளும் மேட்ரன் கட்டத்துக்கே போகட்டும், பகல் செவிலியரின் கட்டத்துக்குத் திருப்ப வேண்டாம். புதிய மேட்ரன் வந்து சேரும் நாளில் நீங்கள் மாற்ற வேண்டியது அந்த ஒரு கட்டத்தின் ஓரமும் அதிலுள்ள பொறுப்புக் குறிப்பும், அட்டவணையில் D, E இரண்டு கட்டங்களும் மட்டும்தான்.